டேப்லெட்டில் ஸ்கேன் புத்தகம் ஒரு பக்கம், தட்டச்சு மறுபக்கம்: ஸ்பிளிட் ஸ்கிரீன், பாப்-அப், டாஸ்க்பார் அமைக்கும் முறை

பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஸ்கேன் பிடிஎஃபைப் பார்த்து, அதை யூனிகோடில் தட்டச்சு செய்கிற வேலைக்கு 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றே போதும். இடப்பக்கம் பிடிஎஃப், வலப்பக்கம் Google Docs, சந்தேகம் வரும் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ஒரு மிதக்கும் விண்டோவில். இந்த மூன்றையும் எப்படி அமைப்பது, எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதே இந்தப் பதிவு. படிகள் சாம்சங் கேலக்ஸி டேப் (One UI) வைத்து எழுதப்பட்டவை. பிக்சல் டேப்லெட் போன்ற, கூகுளின் சொந்த ஆண்ட்ராய்டு ஓடும் கருவிகளில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறது. மெனு பெயர்கள் ஆங்கிலத் திரையில் தெரிகிறபடி தரப்பட்டுள்ளன.

முதலில் திரையை அளக்க வேண்டும்

நேரடியாகச் செயலிகளை இழுத்துப் போடத் தொடங்கினால், எழுத்து சிறிதாக இருக்கிறது, மெனு மாறிவிட்டது என்று பிறகு குழப்பம் வரும். ஒரு செயலி தன் விண்டோவின் அகலத்தை பிக்சலில் பார்ப்பதில்லை. dp என்ற அலகில்தான் பார்க்கிறது. பிக்சலை 160-ஆல் பெருக்கி, திரையின் density எண்ணால் வகுத்தால் dp கிடைக்கும். அந்த அகலம் 600 dp-க்குக் கீழே போனால், ஒழுங்காக எழுதப்பட்ட செயலிகள் பலவும் போனில் காட்டும் வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். பக்கவாட்டுப் பட்டியல்கள் மறையும், கருவிப்பட்டையில் இருந்த பொத்தான்கள் மூன்று புள்ளி மெனுவுக்குள் போய்விடும். அது பழுது அல்ல. அகலத்துக்கு ஏற்ற வடிவம்.

கணினியும், அதிலிருந்து டேப்லெட்டுக்குக் கட்டளை அனுப்பும் adb கருவியும் கையில் இருந்தால் இரண்டு வரி போதும்:

```
adb shell wm size
adb shell wm density
```

முதல் கட்டளை 1200x1920 என்றும் இரண்டாவது 240 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். நீளவாக்கு 1920 × 160 ÷ 240 = 1280 dp. குறுக்குவாக்கு 800 dp. Settings-இல் Display size-ஐ மாற்றியிருந்தால் இரண்டாவது கட்டளையில் Override density என்று இன்னொரு வரியும் வரும். அப்போது கணக்குக்கு அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். கணினி இல்லையென்றால், கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறபடி Developer options-ஐத் திறந்தால், அதில் Smallest width அல்லது Minimum width என்ற இடத்தில் குறுகிய பக்கத்தின் dp நேராகவே எழுதியிருக்கும். அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எண்ணை மாற்ற வேண்டாம்.

இனி சென்டிமீட்டர் கணக்கு. 11 அங்குலத்தில் 1920x1200 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 206 பிக்சல். டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் வைத்து, அகலத்தில் 60 சதவீதத்தைப் பிடிஎஃபுக்குக் கொடுத்தால் 1152 பிக்சல், அதாவது 14.2 செ.மீ. டெமி அளவுப் புத்தகத்தின் தாள் அகலம் ஏறத்தாழ 14 செ.மீ. ஆகவே பக்கத்தை விண்டோவின் அகலத்துக்குப் பொருத்தினால், புத்தகத்தைக் கையில் வைத்துப் படிக்கும் அதே எழுத்தளவு கிடைக்கும். பாதிக்குப் பாதி பிரித்தால் 11.8 செ.மீ.தான் வரும். டெமிப் பக்கம் 84 சதவீதமாகச் சுருங்கிவிடும். மங்கிய அச்சில் ‘ன’வும் ‘ண’வும், துணைக்காலும் ‘ர’வும் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலைக்கு அந்தச் சுருக்கம் கண்ணைப் படுத்தும். கிரவுன் அளவுப் புத்தகமானால் பாதிக்குப் பாதியே போதுமானது.

மீதமுள்ள 40 சதவீதம் 512 dp. Docs அங்கே போன் வடிவில்தான் திறக்கும். இந்த வேலைக்கு அது நல்லதும்கூட. மூன்று புள்ளி மெனுவில் Print layout-ஐ அணைத்துவிட்டால் வரிகள் விண்டோவின் அகலத்துக்கு ஏற்றபடி தாமாக மடங்கும். பக்கவாட்டில் நகர்த்த வேண்டியதில்லை. அச்சுப் பக்கம் போலப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வேலை முடிந்தபின் முழுத்திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

டாஸ்க்பாரிலிருந்து இழுத்துப் போடுவது

பெரிய திரைகளுக்கான டாஸ்க்பார் 2022-இல் ஆண்ட்ராய்டு 12L-உடன் வந்தது. சாம்சங்கில் Settings > Display > Taskbar என்பதில் அதை இயக்கலாம். பிடிஎஃப் செயலி, Docs, Chrome மூன்றையும் முதலில் முகப்புத் திரையின் அடிவரிசையில் வைத்துவிடுங்கள். அந்த வரிசைதான் டாஸ்க்பாரில் இடப்பக்கம் வந்து நிற்கும்.

பிடிஎஃபை முழுத்திரையில் திறந்து, டாஸ்க்பாரில் Docs ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் மேலே கொண்டுபோய் வலது விளிம்பை நோக்கி நகர்த்த வேண்டும். விளிம்பை நெருங்கியதும், செயலி எங்கே உட்காரப் போகிறதோ அந்தப் பகுதி நிறம் மாறித் தெரியும். தெரிந்த பிறகே விரலை விடுங்கள். நடுத்திரையில் விட்டால் சாம்சங்கில் அது பாப்-அப் விண்டோவாகத் திறக்கும். ஸ்பிளிட் கேட்டால் மிதக்கும் விண்டோ வருகிறது என்று பலர் திகைப்பது இந்த இடத்தில்தான். விரலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னதாகவே எடுத்திருப்பார்கள்.

ஐகானை அழுத்திப் பிடித்ததும் ஒரு சிறு மெனு எட்டிப்பார்க்கும். அதைப் பொருட்படுத்தாமல் விரலை நகர்த்திக்கொண்டே போனால் மெனு மறைந்து ஐகான் விரலோடு வரும். மெனு வந்ததும் தயங்கி விரலை எடுத்துவிட்டால் இழுவை அங்கேயே முடிந்துவிடும்.

பிக்சலில் சைகை முறையில் இருக்கும்போது டாஸ்க்பார் எப்போதும் கண்ணில் படாது. கீழ் விளிம்பிலிருந்து சிறிதளவு மேலே தள்ளி நிறுத்தினால் வரும். நீளமாகத் தள்ளினால் முகப்புத் திரைக்குப் போய்விடும், நடுவில் நிறுத்திப் பிடித்தால் சமீபத்திய செயலிகள் வரும். கை பழகாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. சமீபத்திய செயலிகள் திரையில் பிடிஎஃப் அட்டையின் மேலே உள்ள ஐகானைத் தொட்டு Split screen என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு Docs-ஐத் தொட வேண்டும். இது எல்லா ஆண்ட்ராய்டு கருவிகளிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். சாம்சங்கில் மெனு வாசகம் மட்டும் Open in split screen view.

நடுக்கோட்டை முதலிலேயே நகர்த்திவிட வேண்டும்

இரு விண்டோக்களுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பிடித்து இழுத்தால் அகல விகிதம் மாறும். சாம்சங்கில் 60:40 அருகே விட முடியும். பிக்சலில் கோடு சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நிற்கும். பாதிக்குப் பாதி, இல்லையென்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டுக்கு ஒன்று. அங்கே மூன்றில் இரண்டைப் பிடிஎஃபுக்குக் கொடுங்கள்.

இதில் வரிசை முக்கியம். கோட்டை நகர்த்திய பிறகுதான் 137-ஆம் பக்கத்துக்குப் போக வேண்டும், தட்டச்சைத் தொடங்க வேண்டும். காரணம் இதுதான்: விண்டோவின் அளவு மாறும்போது, அந்த மாற்றத்தைத் தானே கையாளும்படி எழுதப்படாத செயலியின் திரையை ஆண்ட்ராய்டு கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. முன்னிருந்த நிலையைச் செயலி சேமித்து வைத்திருந்தால் அதே இடத்துக்குத் திரும்பும். வைத்திருக்காவிட்டால் பிடிஎஃப் முதல் பக்கத்துக்குத் தாவும், படிவத்தில் பாதி நிரப்பியது காணாமல் போகும். Docs-இல் இந்தக் கவலை இல்லை, எழுதியது உடனுக்குடன் சேமிப்பாகிவிடும். இலவச பிடிஎஃப் செயலிகளில்தான் அடிக்கடி நடக்கிறது.

உங்கள் பிடிஎஃப் செயலி எந்த வகை என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போய், கோட்டைச் சற்று இழுத்து விடுங்கள். இழுக்கும்போது இரு விண்டோக்களும் மங்கி ஐகான் மட்டும் தெரிவது இயல்பு. விட்டபிறகு ஒரு நொடி வெறுமையாகி முதல் பக்கம் வந்தால், அது புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. டேப்லெட்டை நிமிர்த்துத் திருப்பும்போதும் இதேதான் நடக்கும். வேறு செயலிக்கு மாறுவது நிரந்தரத் தீர்வு. மாற மனமில்லையென்றால் Auto rotate-ஐ அணைத்துவிட்டு, கோட்டைத் தொடாமல் வேலை செய்யுங்கள்.

திரைக் கீபோர்டு எதை மறைக்கிறது

ஸ்பிளிட் ஸ்கிரீனைச் சிலர் ஒரு நாளோடு கைவிடுவதற்குப் பெரும்பாலும் கீபோர்டுதான் காரணம். பக்கம் பக்கமாக வைத்த இரு விண்டோக்களில் Docs-ஐத் தொட்டதும், கீபோர்டு திரையின் முழு அகலத்துக்கும் எழும்பி உயரத்தில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொள்ளும். Docs மட்டும் சுதாரித்துக்கொண்டு கர்சரை மேலே தள்ளும். தட்டச்சு எந்தச் செயலியில் நடக்கிறதோ அதற்கு மட்டுமே கீபோர்டு எவ்வளவு இடம் பிடித்தது என்று சொல்லப்படுகிறது. பக்கத்து விண்டோவில் உள்ள பிடிஎஃபுக்கு அந்தச் செய்தியே போவதில்லை. தன் உயரம் முழுவதும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் நூலின் கடைசிப் பக்கத்துக் கடைசி வரிகளை எவ்வளவு நகர்த்தினாலும் கீபோர்டுக்கு மேலே கொண்டுவர முடியாது.

கீபோர்டை மிதக்க விடுவது ஒரு வழி. Gboard-இன் மேல்பட்டியில் நான்கு கட்ட ஐகானைத் தொட்டு Floating என்பதை எடுத்தால் அது கையளவு சுருங்கும். அதை Docs-இன் கீழ்ப்பகுதியில் நிறுத்திக்கொள்ளலாம். சாம்சங் கீபோர்டிலும் Modes என்பதில் மிதக்கும் வடிவம் இருக்கிறது. ஆனால் இப்போது அது எந்தச் செயலியையும் தள்ளாது. Docs-இன் கர்சர் அதன் அடியில் மறைந்தால் நீங்கள்தான் நகர்த்த வேண்டும். ஆவணத்தின் கடைசியில் பத்துப் பதினைந்து வெற்று வரிகளை முன்கூட்டியே போட்டு வைத்து, அவற்றுக்கு மேலே தட்டச்சு செய்தால் எழுதும் வரியை எப்போதும் திரையின் மேல் பாதியிலேயே வைத்திருக்கலாம்.

டேப்லெட்டை நிமிர்த்தி வைத்து மேல்-கீழாகப் பிரிப்பது இன்னொரு வழி. பிடிஎஃப் மேலே, Docs கீழே இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் கீபோர்டு பிடிஎஃபின் மேல் உட்கார்ந்துவிடும். இந்த அமைப்பில் கீபோர்டு வரும்போது கீழ் விண்டோ மேலே தள்ளப்பட்டு, பிடிஎஃபின் அடிப்பகுதி கொஞ்சம் மறையும். தட்டச்சு செய்யும் வரி மேலே இருக்கும்படி பக்கத்தை நகர்த்திக்கொண்டால் சமாளிக்கலாம். நாலைந்து பக்கத்துக்கு இது சரிப்படும்.

முழுப் புத்தகம் என்றால் புளூடூத் கீபோர்டுதான். வாங்கும் முன் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். தமிழ் கீபோர்டு செயலிகளில் சில, திரையில் உள்ள விசைகளுக்கு மட்டுமே தமிழ் தரும். வெளிக் கீபோர்டில் அடித்தால் ஆங்கில எழுத்து விழும். நண்பரிடம் ஒரு புளூடூத் கீபோர்டை இரவல் வாங்கி, வெறும் குறிப்புச் செயலியில் ‘அம்மா’ என்று அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இணைத்த பிறகும் திரைக் கீபோர்டு எழும்பினால், அமைப்புகளில் Physical keyboard பகுதிக்குப் போய் திரைக் கீபோர்டைக் காட்டும் சுவிட்சை அணைக்க வேண்டும்.

வெளிக் கீபோர்டு வந்ததும் புதிதாக ஒன்று முளைக்கும். விசைகள், கடைசியாகத் தொட்ட விண்டோவுக்கே போகும். பிடிஎஃபை விரலால் நகர்த்திவிட்டு அப்படியே அடிக்கத் தொடங்கினால் எழுத்து எங்கும் விழாது, அல்லது பிடிஎஃபில் தேடல் பெட்டி திறக்கும். ஒரு மவுஸும் இணைத்துவிட்டால் இது தீர்கிறது. மவுஸ் சக்கரம், அம்பு எந்த விண்டோவின் மேல் நிற்கிறதோ அதைத்தான் நகர்த்தும். சொடுக்காதவரை தட்டச்சு Docs-இலேயே இருக்கும். மவுஸ் அம்பைப் பிடிஎஃபின் மேல் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு அடித்துக்கொண்டே போகலாம்.

அகராதி: மிதக்கும் விண்டோ

சாம்சங் டேப்லெட்டில் மூன்று செயலிகளைப் பக்கம் பக்கமாகவும் வைக்கலாம். இந்த வேலைக்கு அது வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் அகராதிக்காகப் பிடிஎஃபின் அகலத்தை நிரந்தரமாகக் குறைப்பது நட்டம்.

Chrome ஐகானை டாஸ்க்பாரிலிருந்து இழுத்து நடுத்திரையில் விட்டால் பாப்-அப் திறக்கும். அதில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் உள்ள பேரகராதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: dsal.uchicago.edu/dictionaries/tamil-lex. விண்டோவின் மூலைகளை இழுத்து அளவை மாற்றலாம். மேலே நடுவில் உள்ள சிறு பிடியைத் தொட்டால் சுருக்குவது, முழுத்திரையாக்குவது, ஒளிபுகும் அளவை மாற்றுவது ஆகியவை வரும். சுருக்கினால் வட்ட ஐகானாகத் திரை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். தேவைப்படும்போது தொட்டால் போதும். ஒளிபுகும் வசதி பார்க்க அழகுதான். ஆனால் எழுத்தின் மேல் எழுத்து தெரிவதால் தட்டச்சு வேலையில் பயன் இல்லை.

பாப்-அப் திறந்ததும் விசைகள் அதற்குப் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தேடி முடித்ததும் Docs-ஐ ஒருமுறை தொட்டுவிட்டு அடிக்கத் தொடங்க வேண்டும். அகராதியில் கண்ட பொருளை அடிக்குறிப்பாக எடுக்க வேண்டுமென்றால், வரியைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்த பகுதியை அழுத்திப் பிடித்து அப்படியே Docs-க்குள் இழுத்துவிடலாம். ஸ்கேன் பிடிஎஃபில் இது நடக்காது. அங்கே இருப்பது படம், எழுத்து அல்ல.

வட்ட ஐகானைத் தொடும்போதெல்லாம் அகராதிப் பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது என்றால் நினைவகம் பற்றவில்லை என்று பொருள். 4 ஜிபி ரேம் டேப்லெட்டில், பக்கத்துக்குப் பக்கம் பெரிய படமாக உள்ள ஸ்கேன் பிடிஎஃபும் Docs-உம் சேர்ந்தாலே இடம் நெருக்கும். Chrome-ஐ ஆண்ட்ராய்டு பின்னணியில் மூடிவிடுகிறது. பிடிஎஃபை ஐம்பது ஐம்பது பக்கமாகப் பிரித்து வைத்துக்கொள்வதும், Chrome-இல் மற்ற டேப்களை மூடுவதும் கைமேல் பலன் தரும்.

ஜோடியைச் சேமிப்பது

தினமும் இழுத்துப் போட வேண்டியதில்லை. சாம்சங்கில் நடுக்கோட்டின் மேலுள்ள புள்ளிகளைத் தொட்டால் இரு பக்கத்தையும் இடம் மாற்றும் அம்புக்குறியும், ஜோடியாகச் சேமிக்கும் ஐகானும் வரும். டாஸ்க்பாரிலோ முகப்புத் திரையிலோ சேமிக்கலாம். பிக்சலில் சமீபத்திய செயலிகள் திரையில், ஜோடியின் ஐகானைத் தொட்டு Save app pair கொடுக்க வேண்டும். சேமிப்பில் இருப்பது எந்த இரண்டு செயலி, எது எந்தப் பக்கம் என்பது. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்பது அதில் இல்லை. அதைப் பிடிஎஃப் செயலிதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன சோதனையில் தேறிய செயலியைத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம்.

செயலி ஸ்பிளிட்டுக்கு வர மறுத்தால்

ஆண்ட்ராய்டு 12 முதல், குறுகிய பக்கம் 600 dp அல்லது அதற்கு மேல் உள்ள திரைகளில், செயலி ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் ஸ்பிளிட்டில் திறக்கும். அதனால் டேப்லெட்டில் மறுப்பு அரிது. வந்தால், Settings > About tablet > Software information-இல் Build number-ஐ ஏழு முறை தட்டி Developer options-ஐத் திறந்து, அதில் Force activities to be resizable என்பதை இயக்கி, டேப்லெட்டை அணைத்து இயக்குங்கள். இப்படி வற்புறுத்தித் திறந்த செயலியில் பொத்தான்கள் விளிம்புக்கு வெளியே போய்விடலாம். அதைச் சரிசெய்ய உங்கள் பக்கம் வழி கிடையாது.

8 அங்குலக் கருவிகளில் அந்த 600 என்ற எல்லையே குறுக்கே வரும். குறுகிய பக்கம் 800 பிக்சல், density 213 என்றால் 600 dp-ஐச் சற்றே தாண்டுகிறது. கூகுளின் சொந்த ஆண்ட்ராய்டில் டாஸ்க்பார் தெரியும். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று Display size-ஐ ஒரு படி கூட்டி density 240 ஆனால், 533 dp-க்கு இறங்கிவிடும். டாஸ்க்பார் சொல்லாமல் மறைந்துவிடும், அதுவரை ஸ்பிளிட்டில் திறந்த செயலி மறுக்கவும் தொடங்கலாம். அங்கே Display size-ஐப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பக்கத்திலேயே உள்ள Font size-ஐ மட்டும் கூட்டுங்கள். Font size, density-ஐத் தொடாது. எழுத்து பெரிதாகும், டாஸ்க்பாரும் இருக்கும்.